கணக்கில் 1 கோடியே 30 லட்சம். எடுக்க முடிந்தது எட்டே முக்கால் லட்சம்

குடும்பமாக நடத்தும் கம்பெனிகளில் பாகப் பேச்சு எழுந்தால் முதலில் மேசைக்கு வருவது ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பேலன்ஸ் ஷீட்தான். அதில் எல்லோர் கண்ணும் ஒரே வரியில் போய் நிற்கும். 'ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ்' என்ற அந்த வரியின் பெரும்பகுதி, கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து சம்பாதித்து, பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் விட்ட லாபம். தக்கவைத்த லாபம் என்று சொல்வது இதைத்தான். பெரிய தொகையாக இருக்கும். சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

திருப்பூரில் அண்ணனும் தம்பியும் நடத்தும் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பிரைவேட் லிமிடெட், ஐந்து வருடமாக ஓடுகிறது. கம்பெனியும் அதன் எண்களும் நாம் கணக்குக்காக வைத்துக்கொள்பவை. ஆனால் இந்தப் பேச்சு பல வீடுகளில் நடப்பதுதான்.

"அண்ணா, கணக்குல ஒரு கோடியே முப்பது லட்சம் நிக்குது. பாதியெல்லாம் வேண்டாம், நாப்பது லட்சம் குடுங்க, நான் தனியாப் பாத்துக்கறேன்" என்கிறார் தம்பி.

"பேங்க்ல அஞ்சு லட்சம்தான்டா கிடக்குது" என்கிறார் அண்ணன்.

"அப்ப மிச்சத்தை யாரு எடுத்தாங்க?"

குறுக்கே வருகிறார் ஆடிட்டர். "யாரும் எடுக்கலைங்க தம்பி. நீங்க பாக்கற நம்பர் பணத்தோட நம்பரே இல்லைங்க."

தம்பிக்கு இது மழுப்பலாகத்தான் படும். ஆனால் ஆடிட்டர் சொன்னது முழு உண்மை. ஏன் என்று தெரிய அந்தத் தாளையே விரித்துப் பார்க்க வேண்டும்.

தாளின் இரண்டு பாதி

இப்படிப்பட்ட கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு பாதி இருக்கும். கம்பெனிக்கு வந்த வளம் யாருடையது என்று மேல் பாதி சொல்லும். அந்த வளம் இன்றைக்கு என்னவாக இருக்கிறது என்று கீழ் பாதி சொல்லும். இரண்டும் ஒரே வளத்தைப் பற்றிய இரண்டு விவரங்கள் என்பதால் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்றாகவே வரும்.

நம் பனியன் கம்பெனியின் மேல் பாதி இப்படி இருக்கிறது:

- பங்கு மூலதனம்: 100 லட்சம்
- தக்கவைத்த லாபம்: 130 லட்சம்
- வங்கியின் கேஷ் கிரெடிட் கடன்: 90 லட்சம்
- நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் கொடுக்க வேண்டியது: 60 லட்சம்
- மொத்தம்: 380 லட்சம்

கீழ் பாதி இப்படி:

- மெஷின்கள், தேய்மானம் கழித்து: 140 லட்சம்
- ஷெட் போடுவதற்காக வாங்கிய இடம்: 50 லட்சம்
- நூல், துணி, தைத்த சரக்கு: 85 லட்சம்
- பார்ட்டிகளிடமிருந்து வர வேண்டியது: 100 லட்சம்
- வங்கி இருப்பு: 5 லட்சம்
- மொத்தம்: 380 லட்சம்

தம்பி பார்த்த 130 லட்சம் மேல் பாதியில் இருக்கிறது. பணம் என்று ஒரு வரி வருவது கீழ் பாதியில் மட்டும்தான். அதில் 5 லட்சம்தான் நிற்கிறது. "இந்தக் கம்பெனியின் சொத்தில் 130 லட்சம், லாபமாகச் சம்பாதித்துப் பங்குதாரர்கள் விட்டுவைத்தது" என்பதுதான் மேல் பாதியின் 130 லட்சத்துக்கு அர்த்தம். அந்தச் சொத்து மெஷினா, துணியா, வர வேண்டிய பாக்கியா, ரொக்கமா என்பதைப் பற்றி அந்த வரிக்கு ஒன்றும் தெரியாது. இன்ன மெஷின் லாபத்தில் வாங்கியது, இன்ன துணி கடனில் வாங்கியது என்று கோடு போட்டுப் பிரிக்கவும் முடியாது. மேலே உள்ள நான்கு வரியும் சேர்ந்து கீழே உள்ள ஐந்து வரியையும் தாங்குகின்றன. அவ்வளவுதான்.

ஒரே ஒரு ஆர்டர்

லாபம் பணமாக உட்காராமல் எப்படி நழுவுகிறது என்பதை ஒரே ஒரு ஆர்டரில் பார்த்துவிடலாம்.

10,000 டி-சர்ட், ஒன்று 200 ரூபாய். மொத்தம் 20 லட்சம். நூலுக்கு 6 லட்சம். நிட்டிங், சாயம், பிரிண்டிங் எல்லாம் சேர்த்து 4 லட்சம். கட்டிங், பவர் டேபிள் தையல், கூலி 5 லட்சம். லேபிள், பேக்கிங், லாரி, வாடகை, வட்டி 3 லட்சம். ஆக 18 லட்சம் செலவு, 2 லட்சம் லாபம்.

சரக்கை ஏற்றி இன்வாய்ஸ் போட்ட அன்றே 20 லட்சம் விற்பனையாகக் கணக்கில் ஏறிவிடும். 2 லட்சம் லாபமும் அன்றே பிறந்துவிடும். பணம் வந்த பிறகு எழுதுவது கணக்கு முறை ஆகாது. சரக்கு கைமாறி, கேட்டு வாங்கும் உரிமை பிறந்தால் அது வருமானம் என்பதுதான் கம்பெனிச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் முறை.

ஆனால் அந்தப் பார்ட்டி பணம் போடுவது 90 நாள் கழித்து. கூலி சனிக்கிழமை தவறாமல் கொடுத்தாகிவிட்டது. நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் ஒரு மாதத்தில் செக் போய்விட்டது. ஆக, லாபம் எழுதிய பிறகும் இந்த ஆர்டரைப் பொறுத்தவரை கம்பெனியின் கையிலிருந்து 18 லட்சம் போயிருக்கிறது. வந்தது ஒன்றும் இல்லை. நடுவில் அட்வான்ஸ் டாக்ஸ் தவணை வந்தால், கைக்கு வராத லாபத்துக்கும் சேர்த்தே வரி கட்ட வேண்டும்.

சரி, 90 நாள் கழித்து 20 லட்சமும் வந்துவிட்டது. இப்போதாவது அந்த 2 லட்சம் தனியாக நிற்குமா? நிற்காது. அதற்குள் 12,000 டி-சர்ட்டுக்கு அடுத்த ஆர்டர் வந்திருக்கும். அதே விலைக்குச் செலவு 21 லட்சத்து 60 ஆயிரம். வந்த 20 லட்சத்தோடு மேலும் கொஞ்சம் வங்கியில் எடுத்தால்தான் அந்த ஆர்டர் கிளம்பும். முதல் ஆர்டரின் லாபம் இரண்டாவது ஆர்டரின் நூலாகிவிட்டது. கணக்கில் அது 2 லட்சம் தக்கவைத்த லாபமாக மேல் பாதியில் நிற்கும். கீழ் பாதியில் துணியாகி, சாயமேறி, மறுபடியும் யாரோ ஒரு பார்ட்டியின் பாக்கியாக மாறிக்கொண்டே இருக்கும்.

வியாபாரம் வளர வளர இந்த இழுப்பு அதிகமாகும். நல்ல லாபத்தில் ஓடும் கம்பெனி சம்பள தினத்தில் திண்டாடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வேகமாக வளரும் கம்பெனிக்கே இந்தத் திண்டாட்டம் அதிகம்.

ஐந்து வருடத்தில் எங்கே போனது?

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். மிச்சத்தை யார் எடுத்தது?

ஐந்து வருடத்தில் வரி போக மொத்த லாபம் 150 லட்சம். அதில் 20 லட்சம் டிவிடெண்டாகப் பங்குதாரர்களுக்குப் போனது. மீதி 130. இந்தக் கழித்தல் கணக்குதான் அந்த வரி. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பணத்தின் கதை வேறு. 150 லட்சம் லாபம் காட்டுவதற்கு முன்பே மெஷின் தேய்மானமாக 60 லட்சம் கழித்திருக்கிறார்கள். அது பெட்டியை விட்டுப் போன பணம் இல்லை. மெஷின் வாங்கியபோதே பணம் போய்விட்டது. தேய்மானம் அதை வருடாவருடம் செலவாகப் பிரித்து எழுதுவது. ஆகவே அந்த 60 லட்சத்தைத் திரும்பச் சேர்த்தால் 210 லட்சம் வருகிறது. அதில் 85 லட்சம் சரக்கிருப்பில் முடங்கியது. 100 லட்சம் பார்ட்டிகளிடம் பாக்கியாக நிற்கிறது. நூல் மில்லும் சாயப்பட்டறையும் 60 லட்சம் வரை பொறுத்திருப்பதால் அந்த அளவுக்கு மூச்சு விட முடிந்தது. கூட்டிக் கழித்தால், ஐந்து வருடத் தொழிலில் உண்மையாகவே கைக்கு வந்த பணம் 85 லட்சம்தான்.

அதோடு பங்கு மூலதனம் 100 லட்சம், வங்கிக் கடன் 90 லட்சம். மொத்தம் 275 லட்சம். இதில் 200 லட்சத்துக்கு மெஷின் வாங்கினார்கள், 50 லட்சத்துக்கு இடம் வாங்கினார்கள், 20 லட்சம் டிவிடெண்ட் கொடுத்தார்கள். மிச்சம் 5 லட்சம். யாரும் எடுக்கவில்லை, ஒரு ரூபாய் விடாமல் கணக்கு நேராகிறது.

நாற்பது லட்சத்தை எடுத்துப் பார்ப்போம்

தம்பி விடுவதாக இல்லை. 40 லட்சம் டிவிடெண்ட் அறிவித்தே ஆக வேண்டும் என்கிறார். இந்தியக் கம்பெனிச் சட்டம் 2013-ன் 123-வது பிரிவுப்படி, நடப்பு வருட லாபத்திலிருந்தோ, முந்தைய வருடங்களில் பிரிக்காமல் விட்ட லாபத்திலிருந்தோ டிவிடெண்ட் அறிவிக்கலாம். 130 லட்சம் இருப்பதால் 40 லட்சம் அறிவிக்கச் சட்டத்தில் தடையில்லை.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. அறிவித்த ஐந்து நாளுக்குள் அந்தத் தொகை முழுவதையும் ஒரு தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். முப்பது நாளுக்குள் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் 18 சதவீத வட்டி. தெரிந்தே தவறிய இயக்குநருக்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. அதாவது டிவிடெண்டுக்கு இரண்டு சாவி வேண்டும். லாபம் இருப்பது ஒரு சாவி, பணம் இருப்பது இன்னொன்று. முதல் சாவி மட்டும் தம்பி கையில் இருக்கிறது.

வங்கியில் இருப்பது 5 லட்சம். மீதி 35 லட்சத்தை கேஷ் கிரெடிட்டில் எடுத்துவிடலாமா? வங்கி அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டைப் பார்த்து எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவுசெய்வார்கள். 'டிராயிங் பவர்' என்பது இதுதான். சரக்கு 85, பாக்கி வர வேண்டியது 100, அதிலிருந்து கொடுக்க வேண்டிய 60-ஐக் கழித்தால் 125 லட்சம். அதில் கால் பங்கு மார்ஜினாகக் கழிப்பது வழக்கம். மிச்சம் 93 லட்சத்து 75 ஆயிரம். ஏற்கெனவே 90 லட்சம் எடுத்தாகிவிட்டது. ஆக இன்னும் எடுக்கக்கூடியது 3 லட்சத்து 75 ஆயிரம்தான். 90 நாளுக்கு மேல் நிற்கும் பாக்கிகளை வங்கி பொதுவாகக் கணக்கில் சேர்க்காது. அப்படி ஏதாவது இருந்தால் அதுவும் குறையும்.

வங்கி இருப்பு 5 லட்சம், கடனில் இழுக்கக்கூடியது மூன்றே முக்கால் லட்சம். 1 கோடியே 30 லட்சம் லாபம் நிற்கும் கம்பெனியிலிருந்து இன்றைக்கு எடுக்க முடிந்தது எட்டே முக்கால் லட்சம். அதையும் எடுத்துவிட்டால் வருகிற சனிக்கிழமை கூலிக்குக் காசில்லை.

இதற்கு மேல் வேண்டுமென்றால் கீழ் பாதியில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். இடத்தை விற்கலாம். ஆர்டரைக் குறைத்துச் சரக்கைக் கரைக்கலாம். இரண்டும் செய்யக்கூடியவைதான், ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் பணத்தைப் பிரிப்பது ஆகாது, ஓடும் தொழிலில் ஒரு துண்டை வெட்டிக் காசாக்குவது. அண்ணனும் தம்பியும் பேச வேண்டியது எந்தத் துண்டை வெட்டலாம், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பதைத்தான்.

"டிவிடெண்ட் வேண்டாம், கடனாகக் கொடுங்கள்" என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கும் வருமான வரிச் சட்டம் ஒரு முட்டுக்கட்டை வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட கம்பெனி, 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவருக்குக் கடன் கொடுத்தால், சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவு வரை அதை டிவிடெண்டாகவே கருதி வரி போடும்.

போனஸ் பங்கு கொடுத்தால்? ஒரு பங்குக்கு ஒரு போனஸ் என்று வைத்தால், தக்கவைத்த லாபத்திலிருந்து 100 லட்சத்தை எடுத்துப் பங்கு மூலதனத்தில் சேர்ப்பார்கள். மூலதனம் 200 ஆகும். தக்கவைத்த லாபம் 30 ஆகும். இரண்டுமே மேல் பாதி வரிகள். கீழ் பாதியில் ஒரு ஊசிகூட நகராது. வங்கியில் அதே 5 லட்சம்தான். பங்குச் சந்தையில் போனஸ் அறிவிப்பைப் பரிசு விழுந்ததுபோல் கொண்டாடுவதைப் பார்க்கிறோம். நடப்பது ஒரே தொகையை ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு மாற்றி எழுதுவதுதான். அதனால்தான் அந்தத் தேதியில் பங்கின் விலையும் அதே விகிதத்தில் குறைகிறது.

லாபமே இல்லை, பணம் மட்டும் நிறைய

தக்கவைத்த லாபமும் ரொக்கமும் வேறு வேறு என்பது எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2021 ஜூலையில் சொமேட்டோ பங்குச் சந்தைக்கு வந்தது. புதிய பங்குகளை விற்று 9,000 கோடி ரூபாய் திரட்டியது. அதுவரை அந்தக் கம்பெனி வருடாவருடம் நஷ்டம்தான் காட்டியிருந்தது. 2021-22-லும் 1,200 கோடிக்கு மேல் நஷ்டம். தக்கவைத்த லாபம் என்ற வரியில் பெரிய மைனஸ். ஆனால் வங்கியிலும் முதலீடுகளிலும் ஆயிரக்கணக்கான கோடி.

இது எப்படி? ஒரு ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 76 ரூபாய்க்கு விற்றார்கள். அதில் 1 ரூபாய் பங்கு மூலதனத்திலும், 75 ரூபாய் செக்யூரிட்டீஸ் பிரீமியம் என்ற வரியிலும் ஏறியது. தக்கவைத்த லாபத்தைத் தொடாமலேயே பணம் உள்ளே வந்துவிட்டது. பனியன் கம்பெனியில் லாபம் இருக்கிறது, பணம் இல்லை. சொமேட்டோவில் அன்று பணம் இருந்தது, லாபம் இல்லை. தக்கவைத்த லாபம் ஒரு கம்பெனி இதுவரை தொழிலில் என்ன சம்பாதித்தது, அதில் எவ்வளவை வெளியே விடவில்லை என்ற வரலாறு. ரொக்கம் இன்றைய நிலவரம். ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க முடியாது.

பொய் லாபத்துக்கும் ஒரு இடம் வேண்டும்

மேல் பாதியும் கீழ் பாதியும் சமமாக வந்தே தீர வேண்டும் என்ற விதி எவ்வளவு கறாரானது என்பதற்கு இந்தியாவில் சத்யம் கம்ப்யூட்டர்ஸைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

2009 ஜனவரி 7-ம் தேதி அதன் நிறுவனர் ராமலிங்க ராஜு கம்பெனியின் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30-ம் தேதி கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டியிருந்தார்கள். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அந்தக் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு காலாண்டின் கணக்கையும் பிரித்துச் சொன்னார். காட்டிய வருமானம் 2,700 கோடி, உண்மையான வருமானம் 2,112 கோடி. காட்டிய லாபம் 649 கோடி, உண்மையில் வந்தது 61 கோடி. இரண்டிலும் வித்தியாசம் 588 கோடி. அந்த ஒரே காலாண்டில் வங்கி இருப்பையும் பொய்யாக அதே 588 கோடி கூட்டிக் காட்டியிருந்தார்கள்.

இந்த 588-தான் விஷயமே. லாபத்தைக் கூட்டி எழுதினால் மேல் பாதி வீங்கும். தாள் சமமாக வர வேண்டுமானால் கீழ் பாதியிலும் அதே அளவுக்கு ஏதாவது வீங்கியாக வேண்டும். மெஷினாகக் காட்டலாம், யாராவது போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். வர வேண்டிய பாக்கியாகக் காட்டலாம். வருடக்கணக்கில் நின்றால் கேள்வி வரும். அதையும் ஓரளவு செய்திருந்தார்கள். பாக்கிகளில் 490 கோடி மிகைப்படுத்தியது என்று கடிதமே சொல்கிறது. மீதியைப் போலி வங்கி ஆவணங்களை வைத்து ரொக்கமாகக் காட்டினார்கள். பொய் லாபம் வருடாவருடம் தக்கவைத்த லாபத்தில் சேர்ந்துகொண்டே போக, பொய் ரொக்கமும் கூடவே வளர்ந்தது.

அந்தப் பள்ளத்தை மூட அவர்கள் எடுத்த கடைசி முயற்சியும் கவனிக்க வேண்டியது. 2008 டிசம்பர் 16-ம் தேதி, ராஜுவின் குடும்பத்துக்குச் சொந்தமான மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக சத்யம் அறிவித்தது. முதலீட்டாளர்கள் கொதித்துப் போனதால் சில மணி நேரத்தில் அதைக் கைவிட்டது. இல்லாத சொத்தின் இடத்தில் உண்மையான சொத்தை வைக்கும் கடைசி முயற்சி அது என்று கடிதம் சொல்கிறது. அதாவது, இல்லாத ரொக்கத்தைக் 'கொடுத்து', இருக்கும் சொத்தை வாங்கியதாக எழுதிவிட்டால் கீழ் பாதி உண்மையாகிவிடும். மேல் பாதியின் பொய் லாபம் அப்படியே பத்திரமாக இருந்திருக்கும்.

எதைப் பார்ப்பது?

ஒரு கம்பெனியில் பங்கு வாங்குபவரோ, குடும்பக் கம்பெனியில் பாகம் உள்ளவரோ, தக்கவைத்த லாபத்தின் தொகையைப் பார்த்ததும் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். பெரிய கம்பெனிகளின் கணக்கில் 'கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்' என்ற ரொக்க ஓட்ட அறிக்கை இருக்கும். அதில் முதல் பகுதி தொழிலிலிருந்து கைக்கு வந்த பணம். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். ஐந்து வருட லாபத்தைக் கூட்டுங்கள், ஐந்து வருடம் தொழிலில் வந்த பணத்தையும் கூட்டுங்கள். நம் பனியன் கம்பெனியில் லாபம் 150, பணம் 85. தேய்மானத்தைத் திரும்பச் சேர்த்த பிறகும் பணம் இவ்வளவு குறைவாக வந்தால், மீதி எங்கே முடங்கியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

பதில் பெரும்பாலும் சரக்கிருப்பிலும் பாக்கிகளிலும் இருக்கும். விற்பனை 20 சதவீதம் கூடியபோது பாக்கியும் அதே அளவு கூடினால் அது வளர்ச்சியின் இழுப்பு. பாக்கி மட்டும் 60 சதவீதம் கூடினால், அந்த லாபத்தில் ஒரு பகுதி வராமலே போகலாம். வராக்கடன் என்று ஒரு நாள் தள்ளுபடி செய்யும்போது, முன்பு சேர்த்த தக்கவைத்த லாபம் அதே அளவு கரையும். விற்காமல் தேங்கிய சரக்குக்கும் அதே கதிதான்.

ரொக்கம் நிறையக் காட்டினால் அதற்கும் ஒரு சோதனை உண்டு. அந்தப் பணத்துக்கு வட்டி வந்திருக்கிறதா, கைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். சத்யத்தில் ஈட்டியதாக எழுதிய வட்டியிலும் 376 கோடி இல்லாத வட்டி. கையில் ஆயிரக்கணக்கில் கோடி வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே அதிக வட்டிக்குக் கடனும் வாங்கும் கம்பெனியிடம் காரணம் கேட்காமல் விடக் கூடாது.

தக்கவைத்த லாபம் பெரிதாக இருப்பது நல்ல செய்திதான். கம்பெனி சம்பாதித்திருக்கிறது, சம்பாதித்ததைத் தொழிலிலேயே போட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த மெஷினும் இடமும் நூலும் மேலும் லாபம் தருகின்றனவா என்பதுதான் பங்குதாரர் கேட்க வேண்டிய கேள்வி. 230 லட்சம் சொந்தப் பணம் போட்ட தொழில் வருடத்துக்கு 35 லட்சம் தந்தால் தக்கவைத்தது சரி. வங்கி டெபாசிட் வட்டியைக்கூடத் தரவில்லை என்றால், அந்த லாபத்தை அப்போதே பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே, "ரிசர்வில் இவ்வளவு இருக்கிறதே, கொடுத்தால் என்ன?" என்று கேட்கும் முன் பேலன்ஸ் ஷீட்டின் கீழ் பாதியைப் படியுங்கள். கொடுக்க முடிந்தது எவ்வளவு என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.